ஐபோனுக்கு இப்போதா, சரிசெய்த பிறகா? மொரீஷியஸில் ஒரு பஞ்சாங்கச் செயலியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மொரீஷியஸில் கத்ர் போர்ன் பகுதியைச் சேர்ந்த ஒரு கோவில் சங்கத்திற்காக ஆண்ட்ராய்டு செயலி ஒன்று உருவானது. அதை எழுதியவர் பகலில் வேறு நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞர். மாலை நேரங்களில், ஊதியமில்லாமல், தனி ஆளாக எழுதி முடித்தார். உள்ளடக்கத்தைத் தொகுத்துத் தந்தவர் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியை. பணத்திற்கும் அனுமதிக்கும் பொறுப்பு சங்கச் செயலாளர். மென்பொருள் துறையில் இருப்பவன் என்ற முறையில், முடிவெடுக்கும் கட்டத்தில் என்னையும் அழைத்தார்கள்.

செயலி செய்த வேலைகள் மூன்று. அன்றைய திதி, நட்சத்திரம், விரத நாள் ஆகியவற்றைக் காட்டும். பிரதோஷம், சஷ்டி, கார்த்திகை போன்ற நாட்களுக்கு முதல் நாள் மாலையே நினைவூட்டும். தேவாரம், திருப்புகழ்ப் பாடல்கள் சிலவற்றைத் தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் தரும். வீட்டில் கிரியோலும் பள்ளியில் பிரெஞ்சும் பேசி வளர்ந்த தலைமுறைக்கு இந்த ரோமன் எழுத்து அவசியமாக இருந்தது.

2024 நவம்பரில் பிளே ஸ்டோரில் வெளியானது. 2025 பிப்ரவரி 11 அன்று வந்த தைப்பூசக் காவடியை முன்னிட்டுப் பத்து நாள் விரதம் இருந்தவர்கள் அதை அதிகம் பயன்படுத்தினார்கள். காவடி இங்கே அரசு விடுமுறை நாள். அந்தச் சில வாரங்களில் செயலியின் பெயர் தீவு முழுவதும் பரவியது.

கேள்வி எழுந்த விதம்

காவடி முடிந்த கையோடு செயலாளர் கேட்டார்: "தம்பி, என் பிள்ளைகள் இரண்டு பேரிடமும் ஐபோன்தான் இருக்கிறது. பிரான்சில் இருக்கும் உறவினர்களும் கேட்கிறார்கள். அடுத்த காவடிக்குள் ஐபோனில் வந்துவிட வேண்டும். எப்போது தொடங்கலாம்?"

நிரலாளருக்கு உடனே தொடங்க ஆசை. ஐபோன் நிரலாக்கத்தைக் கற்றுக்கொள்ள அவருக்கும் இது ஒரு வாய்ப்பு. ஆசிரியைக்கு வேறு கவலை இருந்தது. அவருடைய மாணவர்களின் பெற்றோர் சிலர், நினைவூட்டல் வருவதில்லை என்று சொல்லியிருந்தார்கள். ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு மூதாட்டி, "கோவிலில் இன்று ஏகாதசி என்கிறார்கள், உங்கள் கைப்பேசி நாளை என்கிறதே, டீச்சர்" என்று தொலைபேசியில் கேட்டிருந்தார். "இருப்பதை முதலில் ஒழுங்காக்குவோம், பிறகு பரப்புவோம்" என்பது ஆசிரியையின் நிலை.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் "இப்போது போகலாமா, மேம்படுத்திவிட்டுப் போகலாமா" என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை பதில் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. மேம்பாடு என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் அடக்கலாம். அதற்கு எல்லை கிடையாது. ஆகவே குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இந்தக் குறை செயலியோடு ஐபோனுக்கும் வருமா, அல்லது ஆண்ட்ராய்டிலேயே நின்றுவிடுமா?" என்று கேட்டுப் பார்ப்போம் என்றேன். கூடவே வரும் குறையை முதலில் தீர்த்தாக வேண்டும். இல்லையென்றால் அதே தவற்றை இரண்டு இடங்களில் சுமந்து, இரண்டு இடங்களிலும் திருத்த வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டிலேயே நின்றுவிடும் குறைக்காக ஐபோன் வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

என்ன கண்டோம்

முதலில் தேவை எவ்வளவு என்று பார்த்தோம். சங்கத்தின் இணையதளத்தில் செயலியைத் தரவிறக்கும் பக்கம் ஒன்று இருந்தது. அதன் வழங்கிப் பதிவேட்டில் ஒவ்வொரு வருகையுடனும், வந்த கருவியின் வகையைச் சொல்லும் `User-Agent` வரி பதிவாகும். அதில் `iPhone` என்ற சொல் இருந்தால் வந்தவர் ஐபோன்காரர். இந்தக் கணக்கில் இரண்டு திருத்தங்கள் தேவைப்பட்டன. வாட்ஸ்அப்பில் யாராவது இணைப்பைப் பகிர்ந்தால், முன்னோட்டப் படத்துக்காக வாட்ஸ்அப்பே அந்தப் பக்கத்தைத் திறக்கும். அந்த வரிகளைக் கழித்துவிட வேண்டும். ஐபேட் கருவிகள் சில ஆண்டுகளாகவே தங்களை `Macintosh` என்று அறிவித்துக்கொள்வதால், அவை ஐபோன் கணக்கில் வராது. கழித்தது போக, மார்ச் மாதம் பக்கத்துக்கு வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐபோனில் வந்திருந்தார். ஆண்ட்ராய்டு செயலி மட்டுமே உள்ள ஒரு பக்கத்துக்கு இவ்வளவு ஐபோன்காரர்கள் வந்து ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள் என்பதால், தேவை உண்மையானது என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த ஐபோன் வருகைகளில் பாதிக்கு மேல் மொரீஷியஸுக்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் பிரான்சிலிருந்தும் அண்டைத் தீவான ரியூனியனிலிருந்தும் வந்தவை. இந்தத் தகவல்தான் பின்னால் முடிவைத் திருப்பியது.

அடுத்து குறைகள். மூன்று பெரிய குறைகள் இருந்தன.

நினைவூட்டல் நின்றுபோவது முதல் குறை. காரணம் எளிதில் தெரிந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் பதிந்து வைத்த அலாரங்கள் கைப்பேசியை அணைத்துத் திறந்தால் அழிந்துவிடும். கைப்பேசி மீண்டும் உயிர்பெற்றதும் செயலி அவற்றைத் திரும்பப் பதிய வேண்டும். இந்தச் செயலி அதைச் செய்யவில்லை. நிரலாளர் தன் கைப்பேசியை அணைப்பதே இல்லை என்பதால் அவருக்கு இது தெரியாமலே இருந்திருக்கிறது. போதாததற்கு, மின்கலத்தைச் சேமிக்கும் அமைப்பு சில கைப்பேசிகளில் அலாரத்தைத் தாமதப்படுத்தியது. துல்லியமான அலாரத்துக்கான அனுமதி ஆண்ட்ராய்டு 14 முதல் புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்குத் தானாகக் கிடைப்பதில்லை; பயனரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

நேர மண்டலம் இரண்டாவது குறை. பாரிஸிலிருந்து ஒருவர் திதி முடியும் நேரம் தவறாக இருப்பதாக எழுதியிருந்தார். செயலிக்குள் இருந்த அட்டவணை மொரீஷியஸ் நேரத்தில் இருந்தது. ஆனால் நிரல், கைப்பேசி எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதோ அந்த ஊர் நேரமாகவே அதைப் படித்தது. கோடையில் பாரிஸ் மொரீஷியஸைவிட இரண்டு மணி நேரமும், குளிர்காலத்தில் மூன்று மணி நேரமும் பின்தங்கியிருக்கும். பிழையும் அதே அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது.

விரத நாள் மாறுவது மூன்றாவது குறை. ரோஸ் ஹில் மூதாட்டி சொன்னது இதைத்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாள் ஏன் மாறியது

செயலியின் அட்டவணை, சென்னையில் அச்சான ஒரு திருக்கணிதப் பஞ்சாங்கத்திலிருந்து தட்டச்சு செய்யப்பட்டது. இந்திய நேரத்துக்கும் மொரீஷியஸ் நேரத்துக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். ஆகவே ஒவ்வொரு நேரத்திலும் ஒன்றரை மணியைக் கழித்துவிட்டார்கள். திதி முடியும் நேரத்தைப் பொறுத்தவரை இது சரி. திதி என்பது சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகுவதற்கு ஆகும் காலம். அது முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். கடிகாரம் காட்டும் எண் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

ஆனால் விரத நாள் அப்படியல்ல. ஏகாதசி போன்ற நாட்களைப் பொதுவாக அந்தந்த ஊரின் சூரிய உதயத்தில் எந்தத் திதி நிற்கிறதோ அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். செயலியோ நாளைச் சென்னைப் பஞ்சாங்கத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது.

கணக்கு விளங்குவதற்காக எளிய எண்களை வைத்துப் பார்ப்போம். ஜூன் மாதத்தில் ஒரு நாள், ஏகாதசி இந்திய நேரப்படி காலை 6.30 மணிக்குத் தொடங்கி, மறுநாள் காலை 7.00 மணிக்கு முடிகிறது என்று கொள்வோம். சென்னையில் சூரிய உதயம் 5.43 அளவில். முதல் நாள் உதயத்தில் இன்னும் தசமிதான். மறுநாள் உதயத்தில் ஏகாதசி. எனவே சென்னைக்கு விரதம் மறுநாள். இப்போது போர்ட் லூயிஸுக்கு வருவோம். இங்கே நேரப்படி ஏகாதசி தொடங்குவது அதிகாலை 5.00 மணிக்கு, முடிவது மறுநாள் 5.30 மணிக்கு. ஜூனில் இங்கே குளிர்காலம். சூரியன் உதிக்க 6.40 ஆகிவிடும். முதல் நாள் உதயத்திலேயே ஏகாதசி வந்துவிட்டது. மறுநாள் உதயத்தில் துவாதசி. எனவே இங்கே விரதம் முதல் நாள். கோவில் சொன்னது சரி, செயலி சொன்னது தவறு.

இந்தப் பிழை ஏன் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரிதாக வெளியே தெரியவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இரண்டு ஊர் உதயங்களுக்கும் இடையே உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அந்த இடைவெளிக்குள் திதி மாறினால்தான் நாள் தவறும். டிசம்பரில் சென்னை உதயம் 6.25 அளவில், அதாவது மொரீஷியஸில் 4.55. போர்ட் லூயிஸ் உதயம் ஐந்தரை அளவில். இடைவெளி ஏறக்குறைய 35 நிமிடம்தான். ஜூனில் சென்னை உதயம் மொரீஷியஸ் நேரப்படி 4.13, இங்கே உதயம் 6.40. இடைவெளி ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். தென்கோளத்தில் பருவங்கள் தலைகீழாக இருப்பதால் இது நேர்கிறது. வெளியிட்டது டிசம்பரை ஒட்டி என்பதால் பிழை ஒளிந்திருந்தது. அதற்குப் பிறகு ஆடி வரை மாதத்துக்கு மாதம் அது அடிக்கடி தலைகாட்டும் என்பது கணக்கிலேயே தெரிந்தது.

குறைகளைப் பிரித்தது

இப்போது முன் சொன்ன கேள்வியைக் கேட்டோம். நினைவூட்டல் நிற்பது ஆண்ட்ராய்டுக்கே உரிய பழுது. ஐபோனில் அலாரம் வேறு விதமாக இயங்குகிறது. அதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம். உடனே சரிசெய்து ஆண்ட்ராய்டுக்கு ஒரு புதிய பதிப்பு வெளியிட்டால் போதும். நேர மண்டலமும் விரத நாளும் நிரலின் நடுவில் உள்ள கணக்கு. செயலி எங்கே போனாலும் அவையும் போகும்.

இங்கேதான் பதிவேட்டின் தகவல் வேலை செய்தது. ஐபோன் பதிப்பால் புதிதாக வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் மொரீஷியஸுக்கு வெளியில் இருப்பவர்கள். நேர மண்டலப் பிழையும் ஊர் உதயப் பிழையும் அதிகம் பாதிப்பது அவர்களில் பிரான்சில் இருப்பவர்களைத்தான். உள்ளூரில் பத்தில் ஒருவருக்குத் தெரியும் தவறு, பாரிஸில் முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். அப்படியே ஐபோனுக்குக் கொண்டுபோவது, மிக மோசமாக இயங்கும் இடத்தில் செயலியை அறிமுகப்படுத்துவதாகும். விரத நாளைத் தவறாகச் சொன்ன செயலியை ஒருவர் மறுபடி நம்புவதில்லை. அவர் திருத்திய பதிப்பைத் தேடி வரவும் மாட்டார்.

செயலாளரின் எதிர்வாதமும் வலுவானது. "சரிசெய்கிறோம் என்று சொல்லியே அடுத்த காவடியும் போய்விடும்" என்றார். வேலை கைவிடப்படும் ஆபத்து ஒரு தனி ஆளின் மாலை நேர உழைப்பில் எப்போதும் உண்டு. ஆகவே "முதலில் சரிசெய்வது" என்பதற்கு ஓர் எல்லை போட வேண்டியிருந்தது.

எடுத்த முடிவு

2025 ஏப்ரலில், வருடப் பிறப்புக்கு முன் உட்கார்ந்து நான்கு முடிவுகளை எழுதி வைத்தோம்.

கணக்கும் நேரமும் சரியாகும் வரை ஐபோன் பதிப்பு வெளியிடுவதில்லை. "சரி" என்பதற்கு அளவுகோல், ஆசிரியையும் கோவில் குருக்களும் கையால் தயாரிக்கும் ஓராண்டு நாள் பட்டியலோடு செயலியின் விடை பொருந்துவது. புதிய பாடல்கள், வண்ண மாற்றம், தேடல் என்று கேட்கப்பட்ட மற்ற எல்லா மேம்பாடுகளும் ஐபோனுக்குப் பிறகு. இது செயலாளருக்காகப் போட்ட எல்லை.

கணக்கை ஐபோனுக்கான நிரல்மொழியான ஸ்விஃப்டில் திரும்ப எழுதுவதில்லை. நிரலாளர் அப்படித்தான் எண்ணியிருந்தார். இரண்டு மொழிகளில் இரண்டு கணக்குகள் இருந்தால், ஒரே வீட்டில் கணவர் கைப்பேசியும் மனைவி கைப்பேசியும் இரண்டு நாட்களைச் சொல்லும் நிலை ஒரு நாள் வரும். கோட்லின் மொழியில் எழுதிய ஒரே நிரலை இரண்டு வகைக் கைப்பேசிகளிலும் இயக்க உதவும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் என்ற ஏற்பாடு 2023 நவம்பரிலிருந்து உறுதிநிலையில் இருக்கிறது. ஏற்கெனவே கோட்லினில் இருந்த கணக்கைப் பொதுவாக வைத்துக்கொண்டு, திரைகளை மட்டும் ஐபோனுக்குத் தனியாக எழுதலாம் என்று தீர்மானித்தோம்.

காத்திருக்க வேண்டிய காகித வேலைகளை அன்றே தொடங்குவது. ஆப் ஸ்டோரில் தனிநபர் கணக்கு எடுத்தால் வெளியிட்டவர் பெயராக அந்த நபரின் சொந்தப் பெயர்தான் தெரியும். சங்கத்தின் பெயர் வர வேண்டுமானால் நிறுவனக் கணக்கு தேவை. அதற்கு, நிறுவனங்களை அடையாளம் காட்டும் D-U-N-S எண் கேட்பார்கள். சங்கப் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் முகவரியும் விண்ணப்பத்தில் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். நிரல் தயாரான பிறகு இதைத் தொடங்கினால் வாரக்கணக்கில் வீணாகும். செலவையும் அப்போதே சொல்லிவிட்டோம்: பிளே ஸ்டோருக்கு ஒரு முறை 25 டாலர் கட்டினால் முடிந்தது, ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். கட்டத் தவறினால் செயலி கடையிலிருந்து மறைந்துவிடும். செயலாளர் அதை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாகச் சேர்த்தார்.

நான்காவது, அதுவரை ஐபோன்காரர்களை வெறுங்கையோடு அனுப்பாமலிருக்க ஓர் இடைக்கால ஏற்பாடு.

இடைக்கால ஏற்பாடு

ஐபோனில் நாட்காட்டி ஏற்கெனவே இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு நாட்காட்டிக் கோப்பைச் சந்தா செய்யவும் அதில் வசதி உண்டு. விரத நாட்களையும் திருவிழாக்களையும் `.ics` கோப்பாகச் சங்கத் தளத்தில் வைத்து, `webcal://` என்று தொடங்கும் இணைப்பைத் தந்தோம். ஐபோன்காரர் அதைத் தொட்டால், சந்தா செய்யலாமா என்று கைப்பேசி கேட்கும். ஆம் என்றால் அந்த ஆண்டின் நாட்கள் அவருடைய நாட்காட்டியில் வந்து உட்காரும். ஒரு நாளுக்கான பதிவு இவ்வளவுதான்:

```
BEGIN:VEVENT
UID:pradosham-20250608@example.org
DTSTAMP:20250415T000000Z
DTSTART;VALUE=DATE:20250608
SUMMARY:பிரதோஷம்
END:VEVENT
```

இதில் `VALUE=DATE` என்பது முக்கியம். மணி நேரம் இல்லாத முழுநாள் பதிவுக்கு நேர மண்டலம் கிடையாது. பாரிஸில் திறந்தாலும் டர்பனில் திறந்தாலும் ஜூன் 8 என்றுதான் காட்டும். அந்த நாட்களைக் கோவில் அறிவித்த பட்டியலிலிருந்து எடுத்ததால், செயலியின் கணக்குப் பிழை இதில் நுழையவில்லை. `UID` மாறாமல் இருக்க வேண்டும். மாறினால் ஒரே பிரதோஷம் பழையதும் புதியதுமாக இரண்டு வரியாக நிற்கக்கூடும்.

இதற்கும் எல்லைகள் இருந்தன. நினைவூட்டல் ஒலியை நாங்கள் உறுதியளிக்கவில்லை. நாளைத் திறந்து பார்த்தால் வரி இருக்கும், அவ்வளவுதான். நாம் கோப்பைத் திருத்தினால் அது கைப்பேசிக்கு எப்போது போய்ச் சேரும் என்பதும் நம் கையில் இல்லை. பாடல்களும் கிடையாது. இருந்தும் ஒரு மாலை வேலையில், ஆப்பிளின் அனுமதி எதுவும் தேவைப்படாமல் இது நடந்தது. பிரான்சிலிருந்து கேட்டவர்களில் பலருக்கு நாள் தெரிந்தாலே போதுமாக இருந்தது என்பதும் இதன் மூலம்தான் தெரிந்தது. "எப்போது ஐபோனில் வரும்" என்ற நச்சரிப்பு குறைந்ததால் நிரலாளருக்கு நிம்மதியாக வேலை பார்க்க முடிந்தது.

கணக்கைச் சரிசெய்தது

மே முதல் ஆகஸ்ட் வரை இந்த வேலை நடந்தது. தட்டச்சு செய்த அட்டவணையை நீக்கிவிட்டு, சூரிய சந்திர இருப்பிடத்தைக் கணிக்கும் சூத்திரங்களை எழுதினார் நிரலாளர். கைப்பேசியின் நேர மண்டலத்தை நம்புவதை நிறுத்தி, பயனர் தேர்ந்தெடுத்த ஊரின் மண்டலத்தைப் பயன்படுத்தினார். மாற்றம் பார்க்கச் சிறியது:

```kotlin
// பழையது
val zone = ZoneId.systemDefault()
// புதியது
val zone = TimeZone.of(place.zoneId) // "Indian/Mauritius"
```

பழைய வரியில் இருப்பது ஜாவாவின் `java.time` நூலகம். அது ஐபோன் பக்கம் வராது. பொது நிரலுக்குப் போக வேண்டுமானால் `kotlinx-datetime` நூலகத்துக்கு மாற வேண்டும். ஆகவே பிழையைத் திருத்தும் வேலையும் ஐபோனுக்குத் தயார்செய்யும் வேலையும் இங்கே ஒன்றாகிவிட்டன. "முதலில் சரிசெய்தால் காலம் வீணாகும்" என்ற அச்சம் பாதிக்கு மேல் இதனால் தணிந்தது.

குருக்களோடு உட்கார்ந்தபோது, நிரலால் தீர்க்க முடியாத ஒன்றும் வந்தது. திதி உதயத்துக்கு மிக அருகில் மாறும் நாட்களில் ஓரிரு நிமிடம்கூட விரத நாளைத் தீர்மானித்துவிடும். நம் சூத்திரத்தின் உதய நேரமே ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கலாம். கிழக்கே மலை மறைக்கும் ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலும் பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் கோவில்களுக்குத் திருக்கணித விடை ஒத்துவராது. குருக்கள் சொன்னது தெளிவாக இருந்தது: "கணக்கு கணக்காக இருக்கட்டும். கோவில் எந்த நாள் சொல்கிறதோ அதுதான் விரதம். இரண்டையும் கலந்துவிடாதீர்கள், தம்பி."

அதன்படி இரண்டு அடுக்கு வைத்தோம். கணித்த நாள் ஒன்று. கோவில் அறிவித்த நாள் மற்றொன்று. அறிவிப்பு இருந்தால் அதுவே முன்னால் நிற்கும், அறிவிப்பு என்ற குறிப்புடன். திதி மாற்றம் உதயத்துக்குப் பத்து நிமிடத்துக்குள் வரும் நாட்களைச் செயலி தானாக முடிவு செய்யாமல், குருக்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் சேர்க்கும்.

இந்தப் புதிய கணக்கு ஆகஸ்டில் முதலில் ஆண்ட்ராய்டில் வெளியானது, சிறு பகுதிப் பயனர்களில் தொடங்கிப் படிப்படியாக. ஆண்ட்ராய்டில் திருத்தம் வெளியிட்டால் விரைவில் போய்ச் சேரும், ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள் பிழை சொல்லவும் தயாராக இருந்தார்கள். புரட்டாசியில் கோவிந்தன் விரதம் இருந்த குடும்பங்கள் சில, தங்கள் கோவில் நாட்களோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னார்கள். ரியூனியன் பயனர் ஒருவர் சொன்ன ஒரு திருத்தமும் அப்போதுதான் வந்தது: செயலியின் ஊர்ப் பட்டியலில் அந்தத் தீவின் தலைநகரான சேன் தெனி இல்லை.

ஐபோனுக்குப் போனது

அக்டோபரில் ஐபோன் திரைகளைத் தொடங்கினார். பெரும் சிக்கல் நினைவூட்டலில் வந்தது. ஆண்ட்ராய்டு பதிப்பு ஓராண்டு நினைவூட்டல்களை மொத்தமாகப் பதிந்துவிடும். பிரதோஷம், சஷ்டி, கார்த்திகை, அமாவாசை, பௌர்ணமி, சதுர்த்தி, திருவிழாக்கள் எல்லாம் சேர்ந்தால் நூறைத் தாண்டும். ஐபோனோ ஒரு செயலிக்கு நிலுவையில் 64 நினைவூட்டல்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். அருகில் வரும் 64 நிற்கும். மிச்சம் சத்தமில்லாமல் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. சோதனையில் முதல் சில மாதங்கள் எல்லாம் சரியாகவே தெரியும், ஆறேழு மாதம் கழித்துத்தான் நினைவூட்டல் நிற்கும். நிலுவையில் எத்தனை இருக்கிறது என்று `getPendingNotificationRequests` மூலம் எண்ணிப் பார்த்தபோதுதான் இது பிடிபட்டது.

தீர்வாக, எந்த நாட்களுக்கு நினைவூட்ட வேண்டும் என்று பட்டியலிடுவதையும், அதைக் கைப்பேசியிடம் பதிவதையும் பிரித்தார். பட்டியல் பொது நிரலில். பதிவது அந்தந்தக் கைப்பேசிக்கு ஏற்றபடி. ஐபோனில் அடுத்த அறுபது மட்டும் பதியும்; செயலியைத் திறக்கும்போதெல்லாம் பட்டியல் புதுப்பிக்கப்படும். கடைசி இடம் ஒன்றில், நினைவூட்டல்கள் தொடர ஒரு முறை திறக்கவும் என்ற செய்தி இருக்கும்.

சங்கத்துக்கு நன்கொடை தரும் பொத்தானும் மாற வேண்டியிருந்தது. ஆப்பிளின் அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனமாக இல்லாதவர்கள் செயலிக்குள் நன்கொடை பெற முடியாது. உலாவியில் திறக்கும் பக்கத்துக்கு அனுப்பலாம். அப்படியே செய்தோம்.

டிசம்பரில், ஆப்பிளின் சோதனை வெளியீட்டுச் சேவையான டெஸ்ட்ஃப்ளைட் வழியாகப் பிரான்சிலும் ரியூனியனிலும் உள்ள உறவினர்கள் சிலர் சோதித்தார்கள். பிறகு ஆப் ஸ்டோருக்கு அனுப்பியபோது முதல் முறை திரும்பி வந்தது. இருப்பிட அனுமதி எதற்கு என்ற விளக்கம் போதவில்லை என்பது காரணம். சூரிய உதயத்துக்காக இருப்பிடம் கேட்டிருந்தோம். விளக்கத்தை நீட்டி எழுதுவதைவிட, அந்த அனுமதியையே எடுத்துவிடுவது நல்லது என்று ஆசிரியை சொன்னார். ஊர்ப் பட்டியலில் ஒன்றைப் பயனரே தேர்ந்தெடுக்கும்போது இருப்பிடம் தேவையே இல்லை. எடுத்தோம், அடுத்த முறை அனுமதி கிடைத்தது.

பின் நடந்தவை

2026 பிப்ரவரி 1 அன்று காவடி. அதற்கு இரண்டு வாரம் முன்பே ஐபோன் பதிப்பு வெளியானது. அந்தக் காவடிப் பருவத்தில் நாள் தவறு என்று இரண்டு பதிப்புகளுக்கும் ஒரு புகாரும் வரவில்லை. ஜனவரியில் உதய இடைவெளி குறைவு என்பதால் இதை மட்டும் வைத்துக் கணக்கு சரி என்று நாங்கள் முடிவுகட்டவில்லை. ஓராண்டுப் பட்டியலோடு பொருந்தியதைத்தான் நம்புகிறோம்.

ஐபோன் பயனர்களில் வெளிநாட்டில் இருப்பவர்களே அதிகம் என்ற எதிர்பார்ப்பு சரியாக இருந்தது. நாட்காட்டிச் சந்தா எடுத்தவர்களில் பலர் செயலி வந்த பிறகும் சந்தாவை விடவில்லை. அவர்களுக்காக அந்தக் கோப்பையும் தொடர்ந்து பராமரிக்கிறோம். இப்போது அது செயலியின் பொது நிரலிலிருந்தே உருவாகிறது. அறிவித்த நாட்கள் முன்னால், கணித்த நாட்கள் அதற்குப் பின்னால்.

ஆண்ட்ராய்டு நினைவூட்டல் திருத்தம் ஏப்ரலிலேயே வெளியாகியிருந்ததால் அந்தப் புகார்கள் வெகுவாகக் குறைந்தன; முற்றிலும் நிற்கவில்லை. மின்கலச் சேமிப்பைக் கடுமையாக வைத்திருக்கும் சில கைப்பேசிகளில் பயனரே அமைப்பில் விதிவிலக்கு தர வேண்டியிருக்கிறது. அதற்கான படங்களுடன் ஓர் உதவிப் பக்கம் சேர்த்தோம்.

மாற்றிச் செய்யக்கூடியவை

இதே நிலையில் இருக்கும் வேறு குழுவுக்கு நான் சொல்வது: நாட்காட்டிக் கோப்பை ஆண்ட்ராய்டு வெளியீட்டோடேயே தரலாம். அது ஐபோன் தேவையை அளக்கும் கருவியாகவும் இருக்கும். சந்தாக் கோரிக்கைகள் பதிவேட்டில் விழுவதால், தரவிறக்கப் பக்க வருகைகளைக் கழித்துக் கூட்டி ஊகிக்க வேண்டியதில்லை.

கையால் தயாரித்த ஓராண்டு நாள் பட்டியல், கணக்கை எழுதும் முன்பே கையில் இருக்க வேண்டும். எங்களுக்கு அது ஜூனில்தான் முழுமையாகக் கிடைத்தது. அதுவரை நிரலாளர் தன் விடையைத் தன் விடையோடுதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நிறுவனக் கணக்கு விண்ணப்பம் பெயர்ப் பொருத்தமின்மையால் ஒரு முறை தாமதமானது. பதிவுச் சான்றிதழில் பிரெஞ்சிலும், விண்ணப்பத்தில் ஆங்கிலத்திலும் சங்கத்தின் பெயர் இருந்தது. எந்த வடிவில் பதிவாகியிருக்கிறதோ அந்த வடிவிலேயே எல்லா இடத்திலும் எழுத வேண்டும்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. ஐபோனில் பல மாதம் செயலியைத் திறக்காதவர்களுக்கு நினைவூட்டல் நின்றுவிடும் ஆபத்து இருக்கவே செய்கிறது. பிரதோஷம் மட்டும் வேண்டும் என்பவருக்கு அறுபது இடம் இரண்டாண்டுக்கு மேல் வரும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தவருக்கு ஏறக்குறைய அரை ஆண்டுதான். தேர்வுப் பக்கத்திலேயே "இந்தத் தேர்வுக்கு நினைவூட்டல் எந்தத் தேதி வரை பதியப்பட்டுள்ளது" என்று காட்டும் வரியை அடுத்த பதிப்பில் சேர்ப்பதாக முடிவாகியிருக்கிறது. ஆடி மாதத்துக்குள் அது வெளிவர வேண்டும்.